பாலிசி ஷெட்யூலைப் படிப்பது எப்படி? மருத்துவக் காப்பீடு வாங்கும் முன் சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பணம் கட்டினாத்தான் பாலிசிப் பேப்பர் வரும்ங்கறாரு ஏஜென்ட். அப்புறம் வாங்கறதுக்கு முன்னாடி எதைத்தான் படிக்கறது?

ஷெட்யூல் என்பது யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து காப்பீடு என்று உங்கள் பாலிசியின் விவரங்களைச் சொல்லும் தாள். உங்கள் பெயர் போட்ட ஷெட்யூல் பணம் கட்டிய பிறகுதான் அச்சாகும். அந்த அளவுக்கு ஏஜென்ட் சொல்வது சரி. ஆனால் அந்த ஷெட்யூலில் என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லும் மூன்று தாள்கள் இருக்கின்றன. மூன்றையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒன்று கொட்டேஷன். யார் யாருக்குக் காப்பீடு, எவ்வளவு தொகை, கூடுதல் வசதி என்று எதையாவது சேர்த்திருக்கிறார்களா, எந்த ஊர் விலாசத்துக்குப் பிரீமியம் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, பாலிசி வேர்டிங் எனப்படும் நிபந்தனைப் புத்தகம். இது பல பக்கம் ஓடும். மூன்றாவது, வாடிக்கையாளர் தகவல் தாள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த புதிய மாதிரியில் இது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொகை, எவ்வளவு நாள் கழித்துத்தான் பணம் தருவார்கள் என்ற காத்திருப்புக் காலம், விலக்குகள், உச்சவரம்புகள் எல்லாம் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் நேராக, அது நிபந்தனைப் புத்தகத்தில் எத்தனையாவது விதி என்றும் போட்டிருக்கும். உள்ளூர் மொழியில் வேண்டும் என்று கேட்கவும் இடம் உண்டு. தயங்காமல் தமிழில் கேளுங்கள்.

ஏஜென்ட் இவற்றைத் தராமல் இழுத்தடித்தால், பாலிசியின் பெயரையும் அதன் யு.ஐ.என். எண்ணையும் மட்டும் கேளுங்கள். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு காப்பீட்டுத் திட்டத்துக்கும் அப்படி ஓர் எண் உண்டு. கம்பெனியின் இணையதளத்தில் அதை வைத்துத் தேடினால் நிபந்தனைப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கும். அந்த எண்ணின் கடைசிப் பகுதியில் V02, V03 என்று வருவது எத்தனையாவது பதிப்பு என்பதைக் குறிக்கிறது. அதே பெயரில் பழைய பதிப்பும் இணையத்தில் கிடக்கும் என்பதால், நீங்கள் படிப்பதும் ஏஜென்ட் விற்பதும் ஒரே பதிப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷெட்யூல்ல ஏகப்பட்ட கட்டம் இருக்குங்க. எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

பெரிய எழுத்தில் இருக்கும் தொகையில் ஆரம்பிக்காதீர்கள். தேதியில் ஆரம்பியுங்கள்.

ஷெட்யூலில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, இந்த வருடத்துப் பாலிசி எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பது. மற்றொன்று, நீங்கள் முதன்முதலாக எந்த நாளில் காப்பீட்டுக்குள் வந்தீர்கள் என்பது. இரண்டாவது தேதியைச் சில கம்பெனிகள் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தனித்தனியாகப் போடும். காத்திருப்புக் காலம் முழுவதும் இந்த முதல் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. புதிதாக வாங்கும்போது இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பழைய பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றி வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றாக இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. முன்பு கட்டிய வருடங்கள் கணக்கில் ஏறவில்லை.

அடுத்து ஆட்களின் வரிசை. பெயர், பிறந்த தேதி, உறவு, அதற்கு நேராக ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது, தொகையைவிட முக்கியம் என்று நான் சொல்வேன். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

இனி வரும் பதில்களுக்கு ஒரே குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நானே அமைத்த குடும்பம் இது. அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் 47 வயதுக் கணவர். ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். மனைவிக்கு 43 வயது. போன வருடம் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருப்பது தெரிந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகனுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறான். மூவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஃப்ளோட்டர் பாலிசி. 2025 ஜூலை 10 அன்று தொடக்கம்.

5 லட்சம்னு போட்டிருந்தா 5 லட்சமும் கிடைக்கும்தானே?

கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டு படியுங்கள். ஆயுள் காப்பீட்டில், டெர்ம் பாலிசியில் 50 லட்சம் என்றால், பாலிசி நடப்பில் இருந்து கிளெய்மும் ஒழுங்காக இருந்தால் நாமினிக்கு அந்த 50 லட்சம் வரும். மருத்துவக் காப்பீட்டில் போட்டிருக்கும் தொகை ஒரு கூரை. ஒரு வருடத்துக்கு அதற்கு மேல் போகாது என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்தக் கூரைக்குக் கீழே வேறு பல சின்னக் கூரைகள் இருக்கின்றன. எதற்கு எவ்வளவு என்பது அவற்றைப் பொறுத்தது.

முதலில், ஃப்ளோட்டர் என்றால் மூவருக்கும் சேர்த்துத்தான் 5 லட்சம். ஆளுக்கு 5 லட்சம் இல்லை. கணவருக்கு 4 லட்சம் செலவானால் அந்த வருடம் மற்ற இருவருக்கும் மிச்சம் ஒரு லட்சம்தான். தொகை தீர்ந்தால் மறுபடி நிரப்பித் தரும் வசதி சில பாலிசிகளில் இருக்கும். அது அதே ஆளுக்கு, அதே நோய்க்குப் பயன்படுமா என்று நிபந்தனைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும்.

அதைவிட அதிகமாகக் கையைக் கடிப்பது ரூம் வாடகை வரம்பு. இதை ஒரு பில்லை வைத்தே பார்த்துவிடலாம். நம் குடும்பத்துப் பாலிசியில் ரூம் வாடகை ‘காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்’ என்று இருக்கிறது. அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். மகன் ஏற்காடு போய்த் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிடுகிறது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நாளுக்கு 8,000 ரூபாய் ரூம், நான்கு நாள். பில் இப்படி வருகிறது: ரூமுக்கு 32,000, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 1,20,000, பிளேட், ஸ்க்ரூ, மருந்து, எக்ஸ்ரே 60,000. மொத்தம் 2,12,000.

நம்மவர்கள் போடும் கணக்கு என்ன? ரூமில் நாளுக்கு 3,000 கூடுதல், நான்கு நாளுக்கு 12,000 நம் கையிலிருந்து போகும், அவ்வளவுதான் என்று. நடப்பது அதுவல்ல. 8,000 ரூபாய் ரூமில் 5,000தான் உங்கள் தகுதி என்றால் எட்டில் ஐந்து பங்கு. அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், தியேட்டர், நர்சிங் போன்றவையும் குறைக்கப்படும். ரூமுக்கு 20,000. டாக்டர், தியேட்டர் வகையில் 1,20,000க்குப் பதில் 75,000. மருந்து, பிளேட் போன்ற உள்ளே வைக்கும் பொருள்கள், பரிசோதனைகள் ஆகியவற்றை இந்த விகிதத்தில் குறைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அந்த 60,000 அப்படியே வரும். மொத்தம் 1,55,000. கையிலிருந்து போவது 12,000 இல்லை, 57,000.

ஷெட்யூலில் ‘கோ-பே 10 சதவீதம்’, அதாவது கிளெய்மில் நம் பங்கு 10 சதவீதம், என்று ஒரு வரி இருந்தால் அந்த 1,55,000லிருந்தும் 15,500 கழிந்து 1,39,500தான் வரும். கையுறை, பஞ்சு போன்ற சில்லறைப் பொருள்களை ‘கட்டணம் தரப்படாதவை’ என்று தனியே தள்ளினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஐ.சி.யூ. கட்டணத்துக்கு இந்த விகிதக் குறைப்பு கிடையாது. எந்த ரூமில் இருந்தாலும் டாக்டர், தியேட்டர் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளிலும் கிடையாது. இந்த இரண்டும் மருத்துவமனைக் கவுன்டரில் யாரும் தானாக எடுத்துச் சொல்லாத விஷயங்கள்.

எனவே வாங்கும் முன் தேட வேண்டிய வரி ‘ரூம் வாடகை’. அங்கே ‘சிங்கிள் பிரைவேட் ஏ.சி. ரூம்’ என்றோ ‘வரம்பு இல்லை’ என்றோ இருந்தால் நல்லது. சதவீதமோ ரூபாயோ இருந்தால், உங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு ரூம் வாடகை என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த ஒரு வரிக்காகப் பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இதே போல் தனித்தனி நோய்க்கும் வரம்பு இருக்கும். எல்லா மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. 5 லட்சத்துக்குப் பாலிசி இருந்தாலும் ஒரு கண்ணுக்கு 40,000தான்.

30 நாள், 2 வருஷம், 3 வருஷம்னு மூணு காத்திருப்பு சொல்றாங்க. எங்களுக்கு எதுங்க பொருந்தும்?

மூன்றுமே பொருந்தும். ஒரே பாலிசியில் மூன்று கடிகாரங்களும் ஒன்றாக ஓடுகின்றன. நிபந்தனைப் புத்தகத்தில் இவற்றுக்கு எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே குறியீடு: ஏற்கெனவே உள்ள நோய்க்கு Excl01, குறிப்பிட்ட நோய்களின் பட்டியலுக்கு Excl02, முதல் 30 நாளுக்கு Excl03.

முதல் 30 நாள் சுலபம். நம் குடும்பத்துக்கு 2025 ஆகஸ்ட் 8 வரை எந்த நோய்க்கும் படுக்கை போட்டாலும் பணம் வராது. ஜூலை 25 அன்று டெங்கு வந்து சேர்த்தாலும் வராது. விபத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. மகனின் பைக் விபத்து ஜூலை 20 அன்று நடந்திருந்தாலும் கிளெய்ம் உண்டு.

இரண்டாவது கடிகாரம் ஒரு பட்டியலுக்கானது. கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், டான்சில், கர்ப்பப்பை அகற்றுதல், மூட்டு மாற்று போன்றவை அதில் வழக்கமாக இருக்கும். பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காலம் பெரும்பாலும் 24 மாதம். 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2024 முதல் விதி. இதில் கவனிக்க வேண்டியது, பாலிசி எடுத்த பிறகு புதிதாக வந்த நோய் என்றாலும் பட்டியலில் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். “எனக்கு முன்னாடி கல்லே இல்லைங்க, டாக்டர்கிட்ட எழுதி வாங்கித் தர்றேன்” என்று சொல்லிப் பயனில்லை. நம் குடும்பத்தில் யாருக்காவது புதிதாகப் பித்தப்பைக் கல் வந்தால் 2027 ஜூலை 9க்குப் பிறகுதான் பணம் வரும்.

மூன்றாவது கடிகாரம் ஏற்கெனவே உள்ள நோய்க்கு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் டாக்டர் கண்டுபிடித்த நோய், அல்லது அந்தக் காலத்துக்குள் டாக்டர் ஆலோசனையோ சிகிச்சையோ சொன்ன நோய் என்றால் அது ‘ஏற்கெனவே உள்ள நோய்’. இதற்கான காத்திருப்பும் அதிகபட்சம் 36 மாதம்தான். முன்பு 48 வரை இருந்தது. கணவருக்குச் சர்க்கரை வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டதே, 36 மாதம் தாண்டிவிட்டதே என்று நினைக்கக் கூடாது. இன்றுவரை மாத்திரை எடுப்பதால் அது உள்ளேதான் வரும். சர்க்கரை சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு அவருக்கு 2028 ஜூலை 9 வரை காத்திருப்பு.

இப்போது மனைவியின் விஷயம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் 24 மாதப் பட்டியலில் இருக்கிறது. ஏஜென்டும் “ரெண்டே வருஷம்தாங்கா” என்பார். ஆனால் அந்த நார்க்கட்டி போன வருடமே ஸ்கேனில் தெரிந்தது. ஆகவே அது ஏற்கெனவே உள்ள நோயும் ஆகிறது. ஒரு நோய் இரண்டு கணக்கிலும் வந்தால் எது நீளமோ அதுவே பொருந்தும் என்று Excl02 விதியிலேயே எழுதியிருக்கிறது. எனவே இந்த அம்மாவுக்கு 2027 இல்லை, 2028 ஜூலை. இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போய் நின்றால் கேஷ்லெஸ் நிராகரிக்கப்படும்.

சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றின் காத்திருப்பை ஒரு வருடமாகவோ இன்னும் குறைவாகவோ ஆக்கிக்கொள்ளலாம். ஏஜென்ட் அப்படிச் சொன்னால் கொட்டேஷனிலும் பிறகு ஷெட்யூலிலும் அது தனி வரியாகப் பெயரோடு இருக்க வேண்டும். வரி இல்லை என்றால் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

சர்க்கரை இருக்குன்னு சொன்னா பிரீமியம் ஏறும், சொல்லாம விட்டுருங்க, அஞ்சு வருஷம் போனா ஒண்ணும் கேக்க முடியாதுன்னு ஒருத்தர் சொன்னாருங்க. சரிதானா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவமனையில் சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே டியூட்டி டாக்டர் “சர்க்கரை இருக்கா, எத்தனை வருஷமா” என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார். நீங்களும் உண்மையைத்தான் சொல்வீர்கள், சொல்லவும் வேண்டும். சிகிச்சை அதைப் பொறுத்தது. அந்த வரி டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். கிளெய்ம் பார்ப்பவர் முதலில் செய்வது, அந்த வரியையும் உங்கள் ஷெட்யூலின் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். ஒன்றில் ‘ஐந்து வருடம்’, மற்றொன்றில் ‘இல்லை’ என்று இருந்தால் கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகலாம்.

அவர் சொன்ன ஐந்து வருடத்தில் பாதி உண்மை இருக்கிறது. இடைவெளி இல்லாமல் 60 மாதம் பிரீமியம் கட்டியபின், மறைத்தீர்கள் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது என்பது 2024 முதல் உள்ள விதி. ஆனால் மோசடி நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே மறைத்தவருக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் தலைமேல் தொங்கும். அந்த ஐந்து வருடத்துக்குள் படுத்துவிட்டால் கட்டிய பணமும் போகும்.

இன்னொன்று. மூன்று வருடம் முடிந்தால் சர்க்கரைக்குக் காப்பீடு தானாக வந்துவிடும் என்றும் நினைக்கிறார்கள். விண்ணப்பத்தில் சொல்லி, கம்பெனி ஏற்றுக்கொண்ட நோய்க்குத்தான் அப்படி வரும் என்று Excl01 தெளிவாகச் சொல்கிறது. சொல்லாத நோய்க்கு அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை.

நீங்கள் சொல்லியும் ஏஜென்ட் எழுதாமல் விடுவது இன்னொரு வகை. விண்ணப்பத்தை அவரே செல்போனில் நிரப்பிவிட்டு உங்களிடம் ஓ.டி.பி. மட்டும் கேட்பார். அந்த ஓ.டி.பி.தான் உங்கள் கையெழுத்து. சொல்வதற்கு முன் உடல்நலக் கேள்விகளின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஷெட்யூலோடு விண்ணப்ப நகலும் வரும், அதிலும் சரிபாருங்கள்.

சர்க்கரை இருக்கறவருக்கு ஒரு வருஷத்துலயே ஹார்ட் அட்டாக் வந்தா கொடுப்பாங்களா?

இதற்கு ஒரே வரியில் ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாது. Excl01 விலக்குவது ஏற்கெனவே உள்ள நோயையும் அதன் ‘நேரடிச் சிக்கல்களையும்’. சர்க்கரையால் ஆறாத கால் புண், சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்றால் சந்தேகமில்லாமல் காத்திருப்புக்குள் வரும். டெங்கு, குடல்வால் அழற்சி என்றால் சர்க்கரை இருப்பதைக் காரணம் காட்டி மறுக்க இடமில்லை.

மாரடைப்பு நடுவில் நிற்கிறது. சர்க்கரை இதய நோய்க்கு ஒரு காரணம் என்பதால் கம்பெனிகள் மறுத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் புகைப்பழக்கம், கொழுப்பு, பரம்பரை என்று வேறு காரணங்களும் இருக்கும்போது ‘நேரடி’ என்று நிறுவுவது கம்பெனியின் பொறுப்பு. சிகிச்சை தந்த இதய மருத்துவரிடம் எழுத்தில் கருத்து வாங்கி முறையீடு செய்ய வழி இருக்கிறது. வாங்கும் கட்டத்தில் இதற்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: 45 வயதைத் தாண்டிச் சர்க்கரையும் இருப்பவர், மேலே சொன்ன காத்திருப்புக் குறைப்பு வசதியைப் பிரீமியம் பார்க்காமல் விசாரிக்க வேண்டும்.

விலக்குகள்னு ரெண்டு மூணு பக்கம் ஓடுது. எல்லாத்தையும் படிக்கணுமா?

Excl04 முதல் Excl18 வரை உள்ளவை எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே வாசகங்கள்தான். ஒரு முறை படித்தால் போதும், மறுபடி எந்தப் பாலிசிக்கும் படிக்க வேண்டியதில்லை. அழகுக்கான அறுவை, குழந்தையின்மைச் சிகிச்சை, பிரசவம், 7.5க்குக் குறைந்த பவருக்குக் கண்ணாடி எடுக்கும் லேசர் போன்றவை அதில் அடங்கும். பிரசவத்துக்குத் தனியே வசதி சேர்த்திருந்தால் ஷெட்யூலில் வரி இருக்கும்.

அவற்றில் நம் ஊரில் அடிக்கடி மாட்டிக்கொள்வது Excl04. பரிசோதனைக்காக மட்டுமே படுக்கையில் சேர்த்தால் செலவு தரப்படாது. நெஞ்சு படபடப்பு என்று போய், இரண்டு நாள் வைத்து, எக்கோவும் ரத்தப் பரிசோதனைகளும் எடுத்து, ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதி அனுப்புவார்கள். பில் 30,000 ஆகியிருக்கும். ‘வெளிநோயாளியாகவே செய்திருக்கலாம்’ என்று கிளெய்ம் திரும்பும். ஏன் உள்ளே வைத்துக் கவனிக்க வேண்டியிருந்தது, ஊசியோ டிரிப்போ என்ன சிகிச்சை தரப்பட்டது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்கள்.

சேர்வராயன் மலையில் டிரெக்கிங் போகிற இளைஞர்கள் Excl09ஐப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது சாகச விளையாட்டைத் தொழிலாகச் செய்பவர்களுக்கானது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மலையேறி வழுக்கி விழுந்தால் அந்த விதி பாயாது.

பொது விலக்குகளைவிட நீங்கள் தேட வேண்டியது, உங்கள் பெயருக்கு மட்டும் எழுதப்பட்ட விலக்கு. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ‘இந்த நோய்க்கு நிரந்தரமாகக் கிடையாது’ என்று கம்பெனி ஒரு நிபந்தனை வைக்கலாம். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதமும் பல நேரம் ஒரு ஓ.டி.பி.யாகத்தான் வாங்கப்படுகிறது. ஷெட்யூலில் ஆட்களின் வரிசைக்குக் கீழேயோ கடைசிப் பக்கத்திலோ இது இருக்கும்.

பாலிசி சேலம் விலாசத்துல. பெரிய ஆபரேஷன்னா சென்னை, பெங்களூரு போவோம். பிரச்சினை வருமா?

வரலாம். சில கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் போடுகின்றன. பெருநகரங்கள் விலை கூடிய மண்டலம். சேலம் போன்ற ஊர்கள் விலை குறைந்த மண்டலம். குறைந்த பிரீமியம் கட்டியவர் விலை கூடிய ஊரில் சிகிச்சை எடுத்தால் பில்லில் 10 அல்லது 20 சதவீதம் போல அவரே போட வேண்டும் என்று அத்தகைய பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். 4 லட்சம் பில்லில் 20 சதவீதம் என்றால் 80,000.

கொட்டேஷனில் ‘ஜோன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால், அந்த நிபந்தனையை நீக்கக் கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று கேளுங்கள். கோயம்புத்தூரோடு நின்றுவிடுவோம் என்பவர்கள், அது எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போ 5 லட்சம் எடுத்துட்டு அப்புறமா 10 லட்சம் ஆக்கிக்கலாமா? கம்பெனியையே மாத்தினா?

ஆக்கலாம். ஆனால் கூடிய 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். பழைய 5 லட்சத்துக்குப் பழைய தேதியே நிற்கும். அதனால் முடிந்தால் ஆரம்பத்திலேயே பெரிய தொகையாக எடுப்பது நல்லது. கம்பெனி மாற்றும்போது போர்ட்டபிலிட்டி முறையில் மாற்றினால் காத்த மாதங்கள் கூடவே வரும்; பழையதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால் வராது. புதுப்பிக்க மறந்தவர்களுக்கு, வருடப் பிரீமியம் என்றால் 30 நாள் சலுகை உண்டு. அதைத் தாண்டினால் எல்லாக் கடிகாரமும் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

ஷெட்யூல் வந்துருச்சு. சொன்னது ஒண்ணு, இதுல இருக்கறது ஒண்ணு. இனி என்ன பண்றது?

பாலிசி ஆவணம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் உங்களுக்கு இருக்கிறது. முன்பு 15 நாளாக இருந்ததை 2024இல் 30 ஆக்கினார்கள். மின்னஞ்சலில் வந்தால் அந்த நாள் தான் கணக்கு. புதிய பாலிசிக்கு மட்டுமே இது பொருந்தும், புதுப்பித்தலுக்கு இல்லை.

திருத்தினால் போதும் என்றால், உதாரணமாகச் சர்க்கரை கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தால், கம்பெனியின் மின்னஞ்சலுக்கு நேராக எழுதுங்கள். ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பாலிசி எண், யாருடைய பெயர், எந்த வருடத்திலிருந்து என்ன மாத்திரை என்று எழுதி, டாக்டர் சீட்டின் நகலை இணையுங்கள். அவர்கள் பிரீமியத்தை ஏற்றலாம், மறுக்கவும் செய்யலாம். ஒப்புக்கொண்டால் திருத்திய ஷெட்யூல் வரும்; அது வரும்வரை விடாதீர்கள்.

வேண்டாம் என்று முடிவு செய்தால், ‘ஃப்ரீ லுக்’ எனப்படும் அந்த 30 நாள் காலத்துக்குள் ரத்து செய்கிறேன் என்று அதே மின்னஞ்சலில் எழுதினால் போதும். காப்பீடு இருந்த நாட்களுக்கான பங்கு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். வேறு பாலிசி வாங்கும் எண்ணம் இருந்தால், அது கைக்கு வந்த பிறகு இதை ரத்து செய்யுங்கள்.

கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, இணையத்திலேயே மனு போடலாம். கம்பெனியின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். மனுவோடு விண்ணப்ப நகல், ஷெட்யூல், நீங்கள் கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சல், அவர்கள் பதில் ஆகிய நான்கையும் தேதி வரிசையில் இணையுங்கள்.